நாங்களும் நீங்களும்

ஜூலை 9, வியாழன்

மெல்போர்னிலிருந்து ஞானராஜ் ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தான். பேருந்தில் கேட்டேன். கண்டக்டரின் விசில் பாதியை விழுங்கிவிட்டதால், சிவகாசியில் இறங்கியபின் மறுபடியும் கேட்டேன்.

"மதினி, செப்டம்பர் ஆறாந்தேதி அப்பா அம்மாவுக்கு அம்பதாவது கல்யாண நாள். எங்க ரெண்டு பேர் சார்பா ஒரு கார்டு அடிச்சுக் குடுக்கணும். நீங்கதான் பிரஸ்லயே இருக்கீங்களே, நல்ல நன்றி வாசகமாப் பாத்து எடுங்க. நாலு வரி போதும். அவுகளுக்கு இப்பத் தெரிய வேண்டாம்."

கொழுந்தன் கேட்டால் மாட்டேன் என்று சொல்வதா? பன்னிரண்டு வருடமாக அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறேன். ஊரார் கல்யாணத்தில் பிழை திருத்தித்தான் வயிறு கழுவுகிறேன். நம் வீட்டு விசேஷத்துக்கு நாலு வரி எடுக்க என்ன கஷ்டம் என்று நினைத்தேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அத்தைக்கு இன்சுலின் போட்டேன். ஊசி வலிக்கவில்லை என்றால் அன்றைக்கு நான் சந்தோஷமாக இருக்கிறேன் என்று அர்த்தமாம். இன்றைக்கு வலிக்கவில்லையாம்.

ஜூலை 12, ஞாயிறு

அச்சகத்தில் வாசகக் கோப்பு ஒன்று இருக்கிறது. திருமணம், காதுகுத்து, நன்றி, இரங்கல் என்று பிரித்து வைத்திருப்போம். வாடிக்கையாளர் வந்தால் அதைக் காட்டுவோம், அவர் ஒன்றைத் தொட்டுக் காட்டுவார், முடிந்தது. அதிலிருந்து நன்றிப் பக்கங்களைப் படம் பிடித்து வந்திருந்தேன். துணி ஊறிக்கொண்டிருந்த நேரத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

"நீங்கள் இல்லையேல் நாங்கள் இல்லை." மங்கலக் கார்டில் இரண்டு 'இல்லை' கூடாது. முதலாளி இருந்தால் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்.

"பட்ட கடன் தீராது." கடன் என்று படித்ததும் மாமாவுக்கு ரத்த அழுத்தம் ஏறும். தீப்பெட்டி ஆபீஸில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர்.

"கண்ணீரால் கால் கழுவுகிறோம்." இது இரங்கல் பக்கத்திலிருந்து வழிதவறி வந்திருக்க வேண்டும்.

"ஈன்றெடுத்த தெய்வங்களே, நும் பாதமலர் போற்றி." அத்தை நேராக இதைப் பூஜை அறையில் வைத்துச் சூடம் காட்டிவிடுவாள். படிக்க மாட்டாள்.

கடையில் விற்கிற வாசகங்கள் எல்லாமே யாருக்கும் பொருந்தும். அதுதான் அவற்றின் குறை. மாமாவையும் அத்தையையும் ஒரு வரியிலாவது காணோம்.

ஜூலை 15, புதன்

நாளை மறுநாள் ஆடி பிறக்கிறது. இனிமேல் ஒரு மாதம் கல்யாணக் கார்டு வராது. காலண்டர் வேலை ஆரம்பித்துவிட்டது. ராகுகாலம், எமகண்டம், பிரதோஷம் என்று கட்டம் கட்டமாகப் பார்த்துக் கண் பூத்துப்போய் இருக்கும்போது சுபத்ராவிடமிருந்து செய்தி. ஞானராஜின் மனைவி. நல்ல பெண்தான், கோயம்புத்தூர்க்காரி, பேச்சில் பவ்யம் சொட்டும்.

"அக்கா, நெட்ல ஒரு அழகான பொன்மொழி கிடைச்சுதுங்க. தமிழ்ல மாத்தி அனுப்பியிருக்கேன், பாருங்க."

பார்த்தேன். "நீங்கள் எங்கள் நங்கூரம். நீங்கள் எங்கள் இறக்கைகளுக்குக் கீழே காற்று." கீழே ஏதோ ஒரு ஞானியின் பெயர். அந்த ஞானிக்கே இது தெரியுமோ என்னவோ. எங்கள் சாத்தூரில் வைப்பாறே வருடத்தில் முக்கால்வாசி மணலாகக் கிடக்கிறது, இதில் நங்கூரத்தை எங்கே போடுவது? இறக்கைக்குக் கீழே காற்று என்றால் மாமா, "எதுக்கு, ஃபேன் வாங்கி அனுப்புறானா?" என்று கேட்பார்.

இப்படியெல்லாம் அவளிடம் சொல்லவில்லை. "ஆங்கிலத்தில் நல்லாருக்கும்மா, தமிழில் நீளுது, நாலு வரியில் அடங்காது" என்று எழுதினேன். அதுவும் உண்மைதான். இங்கிலீஷில் ஒரு வரி தமிழில் ஒன்றரை வரி ஆகும். எழுத்தைச் சின்னதாக்கினால் வயசானவர்கள் படிக்க முடியாது.

"அப்ப நீங்களே எழுதிருங்கக்கா. உங்களுக்குத்தான் அவங்களை நல்லாத் தெரியும்" என்றாள்.

ஜூலை 20, திங்கள்

எழுதுகிறேன், அடிக்கிறேன். ஒரு வாரமாக இதே பிழைப்பு.

நன்றி என்ற சொல்தான் சண்டித்தனம் பண்ணுகிறது. நம் வீடுகளில் யார் யாருக்கு நன்றி சொல்கிறோம்? மாமா சைக்கிளில் போய் எனக்கு மாத்திரை வாங்கி வந்தால் "நன்றி மாமா" என்றா சொல்கிறேன்? சொன்னால், என்னவோ கோபம்போல என்று பயந்துபோவார். மேடையில் சொல்வது அது. "நன்றி, வணக்கம்" என்றால் கூட்டம் முடிந்தது, நாற்காலியை மடக்கு என்று பொருள். அதைப் பெற்றவர்களுக்கு அச்சடித்துக் கொடுக்க வேண்டும்.

மதியம் சாப்பிடும்போது எஸ்தரிடம் சொன்னேன். எஸ்தர் எங்கள் கம்ப்யூட்டர் பிரிவில் எழுத்துக் கோப்பவள். "அக்கா, நன்றின்னு சொல்லாம அவுக செஞ்சதச் சொல்லிப் பாருங்க. அதுவே நன்றிதானே" என்றாள்.

அவர்கள் செய்தது என்ன? வேறு யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் சொல்லிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இருக்கன்குடித் திருவிழாவில் கூட்டம் நெரியும்போது மாமா ஒரு பையனை வலது தோளிலும் ஒரு பையனை இடது தோளிலும் ஏற்றிக்கொண்டு தேர் காட்டுவாராம். வலது தோள் அவருக்காம், மூத்தவர் அல்லவா. தம்பி அழுதால்கூட விட்டுக்கொடுக்க மாட்டாராம். அத்தை பின்னாலேயே இரண்டு ஜோடிச் செருப்பையும் கையில் பிடித்துக்கொண்டு வருவாளாம்.

பேருந்திலேயே மூன்று வரி வந்துவிட்டது.

கைபிடித்தீர்கள், நடந்தோம்.
தோளேற்றினீர்கள், ஊர் பார்த்தோம்.
நன்றி என்ற ஒரு சொல் இதற்குப் போதாது.

நாலாவது வரி வரவில்லை. பரவாயில்லை, இதற்கே எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பக்கத்தில் இருந்த பூக்காரம்மா, "தூசியா தாயி?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

ஜூலை 24, வெள்ளி

கீழே யார் பெயரைப் போடுவது என்று இன்றைக்குப் பேச்சு. நான் 'உங்கள் பிள்ளைகள்' என்று மட்டும் போட்டு அனுப்பியிருந்தேன். சுபத்ரா கூப்பிட்டாள்.

"அக்கா, பேர் இல்லாம மொட்டையா இருக்குதுங்களே. ஞானராஜ், சுபத்ரா, பையன் மித்ரன் பேரும் போட்டுரலாமுங்களா?"

அவளே தயங்கித் தயங்கி, "பெரியத்தான் பேரையும் போடணும்னு இவருக்கு ஆசைதாங்க. ஆனா அமரர்னு போடணுமே. நல்ல நாள் கார்டுல அது வேண்டாம்னு பாக்குறோம். நீங்க தப்பா நினைச்சுக்காதீங்கக்கா" என்றாள்.

அவள் சொன்னது முறைதான். எத்தனை பத்திரிகைக்கு நானே சொல்லியிருக்கிறேன், அமரர் என்பதைச் சின்ன எழுத்தில் போடுங்கள், முடிந்தால் பெயரையே தவிர்த்துவிடுங்கள் என்று. அவர் போய் நாலு வருடம் ஆகிறது. கனகராஜ் என்ற பெயரைக் கடைசியாக அச்சில் பார்த்தது கருமாதிப் பத்திரிகையில், நான்தான் புரூஃப் பார்த்தேன். ஒற்றுப்பிழைகூட இல்லை.

"சரிம்மா, மூணு பேர் பேரும் போட்டுரலாம்" என்றேன்.

'பிள்ளைகள்' என்று மட்டும் இருந்தால் அவரும் உள்ளே இருப்பார் என்று நினைத்தேன், அவ்வளவுதான். அவர் இருந்தால் நானும் இருப்பேன். பேராசை.

ஜூலை 30, வியாழன்

நாலாவது வரி வந்துவிட்டது! ஞானராஜே எழுதி அனுப்பிவிட்டான்.

"மதினி, மூணு வரியும் படிச்சு அழுதுட்டேன். தோள்ல ஏத்திட்டுப் போனத உங்ககிட்டயும் அண்ணன் சொல்லிச்சா? கடைசி வரி நான் எழுதிருக்கேன், சரி பண்ணிக்கிடுங்க: 'இனிமேல் நாங்களும் நீங்களும் ஒரே வீட்டில் இருப்போம்.' இதுதான் சர்ப்ரைஸ். மூச்சு விட்டுறாதீங்க."

அச்சக வாசலில் நின்றபடியே படித்தேன். திரும்பத் திரும்பப் படித்தேன். வருகிறார்கள்! ஊரோடு வருகிறார்கள். போன பொங்கலுக்குப் பேசும்போதுகூட, "அங்க வந்து ஒரு கம்பெனி ஆரம்பிக்கணும் மதினி" என்றானே. விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று விட்டுவிட்டேன்.

வரி மட்டும் நீளம். மற்ற மூன்றும் கத்தரித்த மாதிரி இருக்க, இது துண்டு போட்ட பாவாடைபோல இழுத்துக்கொண்டு கிடந்தது. நாங்களும் நீங்களும் சேர்ந்தால் என்ன? நாம். பேசுகிறவர், கேட்கிறவர் எல்லோரையும் ஒரே சொல்லில் அடக்கிவிடலாம், தமிழில் அந்த வசதி இருக்கிறது. இனிமேல் என்பதை இனி ஆக்கினேன். இருப்போம் தேவையில்லை.

இனி நாம் ஒரே வீட்டில்.

அனுப்பினேன். "சூப்பர் மதினி. பின்னிட்டீங்க" என்று உடனே பதில்.

நாம் என்று எழுதிப் பார்த்தால்தான் தெரிகிறது, என்ன ஒரு சொல் அது. யாரையும் வாசலில் நிறுத்தாது.

ஆகஸ்ட் 2, ஞாயிறு

மாடி அறையை ஒழித்தேன். அவர் போனதிலிருந்து அது வெங்காயமும் பழைய மெத்தையும் போடுகிற இடமாகிவிட்டது. அத்தை கீழிருந்து சத்தம் போட்டாள்.

"என்னத்துக்கு இப்ப அதப் போட்டு உருட்டுற? யாரு வரப்போறாக?"

"தூசி அடையுது அத்தை."

"அது நாலு வருசமா அடையுது!"

மித்ரனுக்குச் சுவரில் கரும்பலகை மாதிரி ஒரு இடம் கறுப்புப் பெயின்ட் அடித்துக் கொடுக்கலாம். பிள்ளை வரைவான். சுபத்ராவுக்கு மாடிக் குளியலறையில் கதவுத் தாழ்ப்பாள் சரியில்லை, ஆசாரியை வரச் சொல்ல வேண்டும். ஒரு பாட்டு முணுமுணுத்தேன்போல, மாமா படிக்கட்டில் நின்று கேட்டுவிட்டுப் பேசாமல் இறங்கிப் போனார்.

ஆகஸ்ட் 11, செவ்வாய்

எஸ்தர் முதல் புரூஃப் எடுத்தாள். வாட்ஸப் எழுத்தை அப்படியே ஒட்டினால் எங்கள் அச்சு எழுத்துருவில் கொம்பும் காலும் பிய்ந்துபோகும், தோளேற்றினீர்கள் என்பது கை கால் முறிந்து கிடந்தது. மாற்றி ஒழுங்காக்கினாள்.

முகப்பு அதைவிட மோசம். 'நன்றி மறவா நெஞ்சங்களுடன்' என்று சுபத்ரா கேட்டிருந்தாள். இடம் போதாமல் முதல் வரியில் 'நன்றி மற' என்று நின்றுவிட்டது. அடுத்த வரி 'வா நெஞ்சங்களுடன்'. நன்றி மற! வா! எஸ்தரும் நானும் வயிறு வலிக்கச் சிரித்தோம். முதலாளி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். எழுத்தை ஒரு புள்ளி குறைத்து 'மறவா'வை ஒரே வரியில் உட்காரவைத்தோம்.

தங்க ஃபாயில் முகப்புக்கு மட்டும் போதும் என்று சொல்லிவிட்டேன். உள்வரிகளில் போட்டால் ண, ளே மாதிரி எழுத்துகளின் சுழி அடைத்துக்கொள்ளும். மாமாவுக்குக் கண்புரை வேறு. உள்ளே அடர் மெரூனில், நல்ல பெரிய எழுத்தாக இருக்கட்டும்.

நாலாவது வரியை மற்றவற்றிலிருந்து கொஞ்சம் இறக்கி, தனியாக வைக்கச் சொன்னேன். மூச்சு விட்டுப் படிக்கட்டும்.

ஆகஸ்ட் 19, புதன்

கார்டு தயார். மடிப்பு வெடிக்காமல் கோடு அழுத்தி மடித்திருக்கிறார்கள். முகர்ந்து பார்த்தேன், புது மை வாசனை. படம் எடுத்து அனுப்பினேன். சுபத்ரா இருபது இதயம் அனுப்பினாள்.

ஆகஸ்ட் 28, வெள்ளி

சுபத்ரா கூப்பிட்டாள். "அக்கா, உங்க மெயிலுக்கு ரெண்டு பேப்பர் அனுப்பியிருக்கேனுங்க. பிரிண்ட் எடுத்துக் கார்டுக்குள்ள வச்சிருங்க. கார்டைப் படிச்சதும் அதைப் பிரிக்கணும், அப்பத்தான் த்ரில்லா இருக்கும்."

எஸ்தர் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தாள். விமான டிக்கெட். மதுரை, சிங்கப்பூர், மெல்போர்ன். மாமா பெயர், சீனிராஜ். அத்தை பெயர், தங்கபுஷ்பம். அக்டோபர் இருபத்து மூன்று. திரும்பி வர டிக்கெட் இல்லை.

நான் இன்னொரு தாள் இருக்குமென்று பிரிண்டரையே பார்த்துக்கொண்டு நின்றேன். எஸ்தர், "அவ்வளவுதான்க்கா" என்றாள்.

ஒரே வீடு. எந்த வீடு என்று அவன் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. போன வருடம் மாமாவுக்கும் அத்தைக்கும் பாஸ்போர்ட் எடுத்தபோதும், ஏதோ தாளில் கையெழுத்து வாங்கியபோதும், சும்மா இருக்கட்டும் என்றுதான் சொன்னார்கள். நானே வரிசையில் நின்று எடுத்துக் கொடுத்தேன்.

சுபத்ராவைக் கூப்பிட்டுக் கேட்டேன். எவ்வளவு நாளைக்கு என்றேன். "இனிமே இங்கயேதானுங்கக்கா. பெத்தவங்களுக்கான விசா கிடைச்சிருச்சு. நீங்களும் எவ்வளவு நாள்தான் அவங்களைச் சுமப்பீங்க? உங்களுக்கும் ஒரு ஓய்வு வேணுமுங்களே" என்றாள். மனசாரத்தான் சொன்னாள். அதுதான் தாங்க முடியவில்லை.

ஆகஸ்ட் 29, சனி

வேலைக்குப் போகவில்லை. தலைவலி என்று சொன்னேன்.

செப்டம்பர் 1, செவ்வாய்

நாலாவது வரி இல்லாமல் ஒரு கார்டு அடித்துத் தா என்று எஸ்தரிடம் கேட்டேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. அடித்துக் கொடுத்தாள். மூன்று வரி, கீழே வெற்றிடம். டிக்கெட்டை வைக்காமல் இதைக் கொடுத்துவிட்டால்? அவன் போனில் கேட்பான், குட்டு உடையும். ஒரு நாள் கூடுதலாகக் கிடைக்குமா? அதுகூடக் கிடைக்காது. ஆனாலும் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாங்களும் நீங்களும் என்று அவன் தெளிவாகத்தான் எழுதியிருந்தான். நாங்கள் என்றால் அவர்கள் மூன்று பேர். நீங்கள் என்றால் மாமாவும் அத்தையும். கூட்டிப் பார்த்தால் ஐந்து பேர். பன்னிரண்டு வருடமாகப் பிழை பார்க்கிறவளுக்கு இது தெரியவில்லை. வரி நீளம் என்று சொல்லி வெட்டி, நாம் என்று போட்டு, அந்த இடுக்கில் நானும் ஏறி உட்கார்ந்துகொண்டேன். யாரும் கூப்பிடவில்லை.

மூன்று வரிக் கார்டைக் கிழித்துப் போட்டுவிட்டேன். அவர்கள் வீட்டுக் கார்டு அது. திருத்துகிற உரிமை மட்டும்தான் எனக்கு.

செப்டம்பர் 6, ஞாயிறு

காலையில் கேசரியும் வடையும் செய்தேன். அத்தை அரக்குப் பட்டு கட்டினாள், மாமா சவரம் செய்துகொண்டு மாப்பிள்ளைபோல வந்தார். பத்து மணிக்கு ஞானராஜ் வீடியோவில் வந்தான். மூன்று பேரும் சோபாவில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள்.

"மதினி, குடுங்க, குடுங்க."

உறையைத் தாம்பாளத்தில் வைத்து இருவர் கையிலும் கொடுத்தேன். மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தார்.

"கைபிடித்தீர்கள், நடந்தோம். தோளேற்றினீர்கள்…" அங்கேயே நின்றுவிட்டார். வலது தோளைத் தடவிக்கொண்டார். தனக்குத் தெரியாமல்தான் தடவியிருப்பார். "ஊர் பார்த்தோம்" என்று படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மறுபடியும் துடைத்தார். அத்தை, "படிங்க, மிச்சத்தப் படிங்க" என்று அவசரப்படுத்தினாள்.

"நன்றி என்ற ஒரு சொல் இதற்குப் போதாது. இனி நாம் ஒரே வீட்டில்."

அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏட்டி பூரணம், வந்துருதானா? ஊரோட வந்துருதானா? அதுக்குத்தான் மாடியக் கழுவுனியா நீ? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல பாரு, கள்ளி!"

அவளும் என்னைப் போலவே படித்திருக்கிறாள்.

"அம்மா, உள்ள இருக்க பேப்பரப் பாருங்க" என்றான் ஞானராஜ். மாமா பிரித்தார். அவன் விளக்கினான். தோட்டம் இருக்கிறது, பக்கத்திலேயே கோயில் இருக்கிறது, சர்க்கரைக்கு நல்ல டாக்டர் இருக்கிறார். மித்ரன், "தாத்தா, என் ரூம்ல படுத்துக்கோங்க" என்று கத்தினான்.

அத்தை என் கையை விடவே இல்லை. "சரிப்பா. பூரணத்துக்கு டிக்கெட்டு எங்க?"

படம் நின்றுவிட்டதோ என்று பார்த்தேன். சுபத்ரா கண் இமைப்பது தெரிந்தது.

"மதினிக்கு அந்த விசாவுல இடமில்லம்மா. பெத்தவுகளுக்கு மட்டுந்தான். அவுகளுக்கு அங்க வேலையும் இருக்குல்ல. ராஜபாளையத்துல அவுக அண்ணன் இருக்காரு. வீட்டயும் பாத்துக்கிடட்டும்."

ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் இருந்தது. மாமா என்னைப் பார்த்தார். நான், "கேசரி ஆறுது மாமா" என்றேன்.

செப்டம்பர் 8, செவ்வாய்

வேலைக்குக் கிளம்பும்போது மாமா வாசலில் செருப்பைத் துடைப்பதுபோல நின்றார்.

"அந்த வாசகம் நீ எழுதுனதுதானே?"

"மூணு வரி நான் எழுதுனது மாமா. நாலாவது ஞானம் எழுதுனாரு, நான் சுருக்குனேன்."

"தோள்ல ஏத்துனது ஞானத்துக்கு ஞாபகம் இருக்காது. கைப்பிள்ள அவன். கனகராஜ் சொல்லித்தான் உனக்குத் தெரிஞ்சிருக்கும்." செருப்பைக் கீழே வைத்தார். "சுருக்குனதுல உன்னய விட்டுட்டியே தாயி."

சேர்த்துக்கொண்டதாக நினைத்துத்தான் சுருக்கினேன். பேருந்து வந்துவிட்டது.

செப்டம்பர் 20, ஞாயிறு

போகமாட்டேன் என்று மாமா இரண்டு வாரமாக முறுக்கிக்கொண்டு நிற்கிறார். அத்தை ஒரு வேளை போகலாம் என்கிறாள், மறுவேளை அழுகிறாள். மித்ரன் தினமும் போனில் வருகிறான். பிறந்ததிலிருந்து அத்தை அவனைத் தொட்டதில்லை. போனில் அவன் முகத்தை விரலால் வருடுவாள், படம் நகர்ந்துவிடும், "எங்கடி போனான்?" என்று என்னிடம் நீட்டுவாள். நான் சரி செய்து கொடுப்பேன்.

இன்றைக்கும் அப்படி நீட்டினாள். சரி செய்து கொடுத்துவிட்டு, "போயிட்டு வாங்க அத்தை" என்றேன்.

"நீ என்ன செய்வ?"

"எனக்கு என்ன, காலண்டர் சீசன். மூச்சு விட நேரமில்ல."

நான் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் இரண்டு பேரும் நின்றுவிடுவார்கள். எனக்கு அது நன்றாகத் தெரியும். அதனால்தான் சொல்லவில்லை. எனக்கு இவர்கள் வேண்டும். இவர்களை விட்டால் எனக்கு யாருமில்லை. இதை இங்கே மட்டும் எழுதிக்கொள்கிறேன்.

அக்டோபர் 14, புதன்

அத்தைக்கு இன்சுலின் தானே போடக் கற்றுக்கொடுத்தேன். மூன்றாவது தடவை சரியாகப் போட்டாள். வலித்ததா என்று கேட்டேன். நீ போட்டால்தான் வலிக்காது என்றாள்.

அக்டோபர் 23, வெள்ளி

மதுரை விமான நிலையத்துக்குப் போய் வந்தேன். அத்தை கண்ணாடிக் கதவுக்கு உள்ளே போய்விட்டு, எதையோ மறந்ததுபோல வேகமாகத் திரும்பி வந்தாள். காவலர் விடவில்லை. அங்கிருந்தே, "ராத்திரி கதவப் பூட்டிட்டு ஒரு தடவ இழுத்துப் பாரு!" என்று கத்தினாள். மாமா கார்டைச் சட்டைப்பைக்குள் வைத்திருந்தார், பையை விட்டு அது வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்க்காமல் போனார். அவர் அழுதால் தோள் குலுங்கும், அதை மறைக்க முடியாது.

அக்டோபர் 31, சனி

வீடு பெரிதாக இருக்கிறது. ஒரு ஆழாக்கு அரிசி போட்டாலும் மிஞ்சுகிறது.

நவம்பர் 12, வியாழன்

தீபாவளிக்குப் பேசியபோது லைன் சரியில்லை, இன்றைக்கு அத்தை சாவகாசமாகப் பேசினாள். குரல் தெளிந்திருக்கிறது. மித்ரன் அவள் மடியை விட்டு இறங்குவதில்லையாம். மாமா தினமும் அவனைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போகிறாராம், தோளில் ஏற்றக் கூடாது என்று ஞானராஜ் திட்டினானாம். சுபத்ரா சாம்பாருக்குப் பெருங்காயமே போடுவதில்லையாம். கேட்கக் கேட்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் இல்லை, நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது.

"எங்க வீட்டுப் பின்னால ஒரு எலுமிச்ச மரம் இருக்கு பூரணம். காய் ஒவ்வொண்ணும் இம்மாம் பெருசு. ஊறுகா போடலாம்னு இருக்கேன்."

"போடுங்க அத்தை. உப்பைக் கொறச்சுப் போடுங்க."

"போடுதேன், போடுதேன். ஏன் தாயி, அங்க மழையா? சத்தம் கேக்குதே. உங்க வீட்டு மாடியில அந்த ஓரத்துல ஒழுகுமே, சட்டி வச்சியா?"

உங்க வீடு என்ற சொல்லைப் புரூஃப் பார்ப்பதுபோல மனதுக்குள் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தேன். அத்தை, "ஹலோ, கேக்குதா? ஹலோ" என்றாள்.

"கேக்குது அத்தை. லேசாத்தான் தூறுது. சட்டி வச்சுட்டேன்" என்றேன்.